அடுத்த வாரம் எத்தனை போகும்?

"அண்ணே, பிரேக் ஷூ இந்த வாரம் எத்தனை செட் போடட்டும்?"

"போன வாரம் எவ்வளவு போட்டே?"

"ஐம்பது."

"அதையே போட்டுடு, பார்த்துக்கலாம்."

இருசக்கர வாகன உதிரிபாகக் கடைகளில் ஆர்டர் எடுக்க வருகிற சேல்ஸ்மேனுக்கும் கடைக்காரருக்கும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். இந்த "அதையே போட்டுடு" என்பதும் ஒரு கணிப்புதான். குறைவாகப் போட்டால் மெக்கானிக் பக்கத்துக் கடைக்குப் போவார். ஒருமுறை போனவர் அடுத்தமுறையும் அங்கேயே போவார். கூடுதலாகப் போட்டால் பணம் ரேக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பொருள் என்றால் அனுபவமே போதும். ஆயிரம் வகை உதிரிபாகம் வைத்திருக்கும் கடையில் ஒவ்வொன்றையும் நினைவில் வைத்து ஆர்டர் சொல்ல யாராலும் முடியாது. அங்கேதான் ஒரு சின்னக் கணக்கு உதவுகிறது. எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் என்று பெயர். பெயர்தான் மிரட்டும், கணக்கு மிரட்டாது.

கணக்குப் போடாதவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுவார்கள். போன வாரம் விற்றதே இந்த வாரமும் விற்கும் என்பது ஒன்று. இதில் ஒரு வாரம் தற்செயலாக ஏறினால் ஆர்டரும் ஏறும், மறுவாரம் இறங்கினால் ஆர்டரும் இறங்கும். விற்பனையின் ஒவ்வொரு சிணுங்கலுக்கும் கடை ஆடிக்கொண்டே இருக்கும். இதுவரை விற்றதற்கெல்லாம் சராசரி எடுப்பது இன்னொன்று. இது ஆடாது, ஆனால் ஊரில் நிலைமை மாறிப் பல வாரம் ஆனபிறகும் பழைய காலத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். நம்முடைய கணக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. நடுவில் என்றால் எந்த இடத்தில் என்பதை ஒரே ஓர் எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். அது 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும்.

செய்முறை இது. இந்த வாரத்துக்கு நீங்கள் ஒரு கணிப்பு வைத்திருந்தீர்கள். வாரம் முடிந்து உண்மையான விற்பனை தெரிந்துவிட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. அந்தப் பிழையில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் பழைய கணிப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவே அடுத்த வாரக் கணிப்பு.

```
புதிய கணிப்பு = பழைய கணிப்பு + α × (விற்பனை − பழைய கணிப்பு)
```

40 என்று கணித்தீர்கள், 44 விற்றது. பிழை 4. ஆல்ஃபா 0.3 என்றால் 4-ல் 0.3 பங்கு 1.2, அடுத்த வாரக் கணிப்பு 41.2. அந்தக் கூடுதல் 4-ல் எவ்வளவு தற்செயல், எவ்வளவு உண்மையான மாற்றம் என்று நமக்குத் தெரியாது. தெரியாததால் 1.2-ஐ மட்டும் நம்புகிறோம், மீதியைத் தற்செயல் என்று விட்டுவிடுகிறோம். ஆல்ஃபா 1 என்றால் பிழை முழுவதையும் நம்புகிறோம். அது "போன வாரம் விற்றதையே போடு" என்பதேதான். ஆல்ஃபா 0 என்றால் என்ன நடந்தாலும் முதல் கணிப்பை விட்டு நகரமாட்டோம்.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. பழைய கணிப்பு என்கிற ஒரே எண்ணுக்குள் அதற்கு முந்தைய எல்லா வாரங்களும் அடங்கிக் கிடக்கின்றன. ஆல்ஃபா 0.3 என்றால் கடைசி வாரத்துக்கு 30 சதவீத எடை, அதற்கு முந்தையதற்கு 21, அதற்கும் முந்தையதற்கு 14.7 என்று ஒவ்வொரு வாரமும் எடை தேய்ந்துகொண்டே போகும். எந்த வாரமும் திடீரென்று கணக்கிலிருந்து விழுந்துவிடாது; மெல்ல மெல்ல மங்கும். ஆனாலும் நோட்டில் எழுதிவைக்க வேண்டியது பொருளுக்கு ஒரே ஓர் எண்தான்.

இந்த ஒரே எண்ணின் சிக்கனம்தான் இந்த முறையைப் பிரபலமாக்கியது. ராபர்ட் பிரௌன் என்பவர் இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படையில் கணக்கு ஆய்வாளராக இருந்தவர். நகர்ந்துகொண்டே இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைக் குறிவைப்பதற்கு அது இருக்கும் இடத்தைத் தொடர்ந்து திருத்தித் திருத்தி மதிப்பிட வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு அவர் உருவாக்கிய முறைதான் இதன் மூலவடிவம். 1950-களில் அவரே இதை வாராந்திர, மாதாந்திர எண்களுக்கு ஏற்றபடி மாற்றினார். கடற்படைக் கிடங்குகளின் உதிரிபாகத் தேவையைக் கணிக்க அது பயன்பட்டது. அன்றைய கணிப்பொறிகளில் நினைவகம் மிகவும் குறைவு. ஆயிரக்கணக்கான பாகங்களுக்குப் பல மாத விற்பனையைச் சேமித்துச் சராசரி எடுப்பதைவிட, பாகத்துக்கு ஓர் எண் வைத்துக்கொண்டால் போதும் என்பது பெரிய ஆறுதல். 1959-ல் சரக்கிருப்புக்கான கணிப்பு பற்றி அவர் புத்தகம் எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் சார்ல்ஸ் ஹோல்ட் என்பவரும் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார். ஆக, பிரேக் ஷூவுக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள உறவு நான் வலிந்து உண்டாக்கியதல்ல. உதிரிபாகக் கிடங்கில்தான் இது வளர்ந்தது.

சரி, ஆல்ஃபாவுக்கு எந்த எண்ணை வைப்பது? பழைய பாடப்புத்தகங்களில் 0.1 முதல் 0.3 வரை ஏதாவது வைத்துக்கொள் என்று எழுதியிருக்கும். அதைவிட நேர்மையான வழி, கடந்துபோன வாரங்களையே சாட்சிக்கு அழைப்பது. இந்த ஆல்ஃபாவை வைத்து அன்றைக்கே கணித்திருந்தால் எவ்வளவு தப்பியிருப்போம் என்று ஒவ்வொரு மதிப்புக்கும் பார்த்து, மிகக் குறைவாகத் தப்புவதைத் தேர்ந்தெடுப்பது.

ஒரு கடையின் பத்து வார பிரேக் ஷூ விற்பனை இப்படி என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை: 40, 44, 37, 42, 39, 52, 49, 55, 50, 54. முதல் வாரத்து 40-ஐயே இரண்டாம் வாரத்துக்கான கணிப்பாக வைத்துத் தொடங்குகிறோம். ஆக, பிழை பார்க்கக் கிடைப்பது ஒன்பது வாரங்கள். பிழைகளை அப்படியே கூட்டினால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் ஒவ்வொரு பிழையையும் அதே பிழையால் பெருக்கி, வந்ததற்குச் சராசரி எடுக்கிறோம். இதைச் சராசரி வர்க்கப்பிழை என்பார்கள். இந்த எண் சிறிதாக இருந்தால் நல்லது. வர்க்கம் எடுப்பதில் ஒரு விளைவு உண்டு: 12 செட் தப்பிய ஒரு வாரம், 4 செட் தப்பிய ஒன்பது வாரங்களுக்குச் சமமாகிவிடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கணிப்பொறியில் எக்ஸெல் இருந்தால் சில நிமிட வேலை. B நிரலில் விற்பனை, C-யில் கணிப்பு, D-யில் பிழையின் வர்க்கம், F1 கட்டத்தில் ஆல்ஃபா.

```
C3: =B2
C4: =C3+$F$1*(B3-C3)
D3: =(B3-C3)^2
F2: =AVERAGE(D3:D11)
```

C4-ஐ C12 வரைக்கும், D3-ஐ D11 வரைக்கும் இழுத்துவிட்டால் முடிந்தது. இப்போது F1-ல் வெவ்வேறு எண்களை அடித்து F2 எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். ஆல்ஃபா 0.1 என்றால் சராசரி வர்க்கப்பிழை 60.3. 0.3 என்றால் 37.4. 0.5-ல் 30.7. 0.6-ல் 30.1. 0.7-ல் மறுபடி 30.7. 0.9 வரை போனால் 35.2. கிண்ணம்போல ஒரு வளைவு. அதன் அடி 0.6 அருகே இருக்கிறது. கையால் தேட விருப்பமில்லை என்றால் எக்ஸெல்லின் `Solver`-இடம், F1-ஐ 0-க்கும் 1-க்கும் இடையில் மாற்றி F2-ஐக் குறைத்துக் கொடு என்று சொல்லலாம்.

எக்ஸெல்லிலேயே ஆயத்தமாக உள்ள கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. `Data Analysis` பட்டியலில் உள்ள `Exponential Smoothing` கருவி ஆல்ஃபாவைக் கேட்பதில்லை; `Damping factor` என்று கேட்கும். அது 1-லிருந்து ஆல்ஃபாவைக் கழித்தால் வருவது. ஆல்ஃபா 0.3 வேண்டும் என்று அங்கே 0.3 அடித்தால், கருவி 0.7-ஐ ஆல்ஃபாவாக வைத்துக் கணக்குப் போடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. கணிப்பு விற்பனையின் பின்னாலேயே ஓடுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி, 0.6-ஐ என்ன செய்வது? அதை வைத்துப் பதினோராம் வாரத்துக்குக் கணித்தால் 52.8 வருகிறது. 53 செட். வர்க்கப்பிழை 30.1-க்கு வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 5.5. வழக்கமாக எவ்வளவு தப்புகிறோம் என்பதற்கு அதுவே அளவு. 53-ஐ மட்டும் வாங்கிவைத்தால் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு வாரம் சரக்குத் தீர்ந்துபோகும், ஏனென்றால் அது நடுமட்டக் கணிப்பு. இருபது வாரத்தில் ஒரு வாரம் தீர்ந்தால் பரவாயில்லை என்று நினைக்கிற கடைக்காரர் 5.5-ஐப்போல் 1.65 மடங்கு, அதாவது 9 செட் கூடுதலாகச் சேர்த்து 62 கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். பிழையைக் குறைப்பதன் காசு மதிப்பு இங்கேதான் இருக்கிறது. பிழை குறைந்தால் இந்தக் கூடுதல் சரக்கு குறையும்.

இங்கே நிறுத்திவிட்டால் கணக்கு அழகாக முடிந்துவிடும். ஆனால் அந்த 0.6 எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விட்டால் அது நம்மை ஏமாற்றும்.

விற்பனையை மறுபடி பாருங்கள். முதல் ஐந்து வாரம் நாற்பதை ஒட்டி ஆடுகிறது. ஆறாவது வாரம் 52-க்குத் தாவி, அதன்பிறகு அந்த மட்டத்திலேயே நிற்கிறது. அந்த ஒரு தாவலில் மட்டும் 0.6-ன் பிழை 12.25, அதன் வர்க்கம் 150. ஒன்பது வாரத்து வர்க்கங்களின் மொத்தமே 271தான். பாதிக்கு மேல் ஒரே வாரத்தில் இருக்கிறது. அந்தத் தாவலை எந்த ஆல்ஃபாவாலும் முன்கூட்டிப் பிடிக்க முடியாது. எல்லாமே அங்கே ஏறத்தாழ ஒரே அளவு அடிவாங்குகின்றன. அடிவாங்கிய பிறகு எது சீக்கிரம் எழுந்து புது மட்டத்துக்கு வருகிறது என்பதில்தான் போட்டி. 0.1 நான்கு வாரம் கழித்தும் 44-லேயே நிற்கிறது, அதனால் தோற்கிறது. 0.6 ஜெயித்தது அந்த ஒரு மாற்றத்தால்.

முதல் ஐந்து வாரத்தை மட்டும் வைத்து ஆல்ஃபாவைத் தேடினால் விடை தலைகீழ். அங்கே பிழையின் வர்க்கங்களை மொத்தமாகக் கூட்டினால் ஆல்ஃபா 0-க்கு 30, 0.3-க்கு 40, 0.6-க்கு 57. நகராமல் நிற்பதே சிறந்தது என்று அந்த வாரங்கள் சொல்கின்றன. ஒரே கடை, ஒரே பொருள். ஐந்து வாரத்தைக் கேட்டால் 0, பத்து வாரத்தைக் கேட்டால் 0.6.

ஆறாவது வாரம் என்ன நடந்தது என்று கணக்குக்குத் தெரியாது, கடைக்காரருக்குத் தெரியும். எதிர்க் கடையை மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாடிக்கையாளர்கள் இங்கே வந்துவிட்டார்கள். இது வாராவாரம் நடக்கிற விஷயமல்ல. தினமும் நடக்காத ஒன்றுக்காக ஆல்ஃபாவை 0.6-ல் வைத்துக்கொண்டால், இனி வரும் சாதாரண வாரங்களின் சாதாரண ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ஆர்டர் துள்ளும். இன்னொரு வழி இருக்கிறது. மட்டம் மாறியது ஏன் என்று தெரிந்திருப்பதால், கணிப்பைக் கையாலேயே புது மட்டத்துக்கு நகர்த்திவிட்டு, ஆல்ஃபாவைச் சிறிதாக வைப்பது. கடைசி ஐந்து வாரத்தின் சராசரி 52. அதிலிருந்து ஆல்ஃபா 0.2-ஐ வைத்துத் தொடங்குகிறோம்.

எது நல்லது என்பதைத் தேர்வுக்குப் பயன்படுத்தாத வாரங்களில்தான் பார்க்க வேண்டும். அடுத்த நான்கு வாரம் 51, 54, 50, 53 என்று விற்றால், 0.6-ன் சராசரி வர்க்கப்பிழை 5.3, கையால் திருத்திய 0.2-ன் பிழை 3.1. நான்கு வாரத்தைக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடக் கூடாதுதான். ஆனாலும் இந்தப் பரிசோதனை முறை சரியானது. கடைசிச் சில வாரங்களை மூடிவைத்துவிட்டு, மீதியில் ஆல்ஃபாவைத் தேர்ந்தெடுத்து, மூடியதில் சோதிப்பது. பத்து வாரம் என்பது எழுதிக்காட்டச் சௌகரியமான அளவு. நிஜத்தில் ஓராண்டு, அதாவது ஐம்பது வாரமாவது இருந்தால்தான் தேர்வுக்கும் சோதனைக்கும் போதுமான வாரங்கள் மிஞ்சும்.

வளைவின் அடி தட்டையாக இருந்ததையும் கவனித்திருப்பீர்கள். 0.5, 0.6, 0.7 மூன்றுக்கும் பிழையில் இரண்டு சதவீத வித்தியாசம்தான். `Solver` 0.6134 என்பதுபோல நான்கு இலக்கத்தில் ஒரு விடை கொடுத்தால் அதன் கடைசி இலக்கங்களை வணங்க வேண்டாம். தட்டையான பகுதியில் எந்த எண்ணும் ஒன்றுதான்; அங்கே சின்னதை எடுத்துக்கொண்டால் ஆர்டர் அமைதியாக இருக்கும் என்பது என் கட்சி.

ஆல்ஃபா 1-ஐ நோக்கி ஓடிப்போய் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் அது வேறு நோயின் அறிகுறி. பெரும்பாலும் விற்பனை தொடர்ந்து ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும், அல்லது பருவத்துக்குப் பருவம் அலைபோல மாறும். இந்த எளிய கணக்குக்கு மட்டம் மட்டுமே தெரியும், போக்கு தெரியாது. வாரம் 2 செட் என்று சீராக ஏறும் பொருளுக்கு ஆல்ஃபா 0.2 வைத்தால், கணிப்பு எப்போதும் 10 செட் பின்தங்கியே வரும்: 2-ஐ 0.2-ஆல் வகுத்தால் வருவது. இந்தப் பின்தங்கலைக் குறைக்கத்தான் கணக்கு ஆல்ஃபாவை ஏற்றிக்கொண்டே போகிறது. அதற்கு மருந்து பெரிய ஆல்ஃபா அல்ல. போக்குக்கென்று இரண்டாவதாக ஓர் எண்ணைச் சேர்ப்பது. அதைத்தான் ஹோல்ட் செய்தார். பருவத்துக்கான மூன்றாவது எண்ணைச் சேர்த்த முறையை 1960-ல் பீட்டர் விண்டர்ஸ் வெளியிட்டார். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ரெயின்கோட்டை இந்த எளிய கணக்கில் போட்டுவிட்டு அது பொய் சொல்கிறது என்று குறைப்படுவதில் நியாயமில்லை. அதேபோல, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒன்று போகிற பாகத்துக்கும் இது பொருந்தாது. பூஜ்யங்களாகவே நிறைந்த பட்டியலுக்கு 1972-ல் குரோஸ்டன் தனி முறை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்.

கணிப்பு தடம் மாறிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? பிழையின் அளவைவிட அதன் குறியைப் பாருங்கள். நன்றாக ஓடும் கணிப்பில் ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். நம் உதாரணத்தில் 0.1-ன் பிழைகள் ஆறாம் வாரம் முதல் பத்தாம் வாரம் வரை ஐந்துமே ஒரே பக்கம். விற்பனை ஐந்து வாரமும் கணிப்பைவிடக் கூடுதல். தொடர்ந்து நான்கைந்து வாரம் ஒரே பக்கம் தப்பினால் தற்செயல் என்று விடக் கூடாது. போய் விசாரிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இத்தனை கணக்கையும் பயனில்லாமல் செய்துவிடக்கூடியது இது. நாம் கணிக்க நினைப்பது தேவையை. நோட்டில் இருப்பது விற்பனை. புதன்கிழமையே சரக்குத் தீர்ந்து, அந்த வாரம் 20 செட்தான் விற்றது என்று எழுதியிருந்தால், கணக்கு அதைத் தேவை விழுந்ததாக எடுத்துக்கொள்ளும். கணிப்பைக் குறைக்கும். குறைந்த கணிப்பால் குறைந்த ஆர்டர். குறைந்த ஆர்டரால் மறுபடி சரக்குத் தீரும். ஆல்ஃபாவை எவ்வளவு துல்லியமாகத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சுழலை அது உடைக்காது. பெரிய ஆல்ஃபா என்றால் இன்னும் வேகமாகச் சுழலும். ஆகவே எக்ஸெல்லைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கல்லாப்பெட்டிப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். யாராவது கேட்டு, இல்லையென்று திருப்பி அனுப்பினால் அன்றைய தேதி, பாகம், எத்தனை என்று அதில் குறித்துவிடுங்கள். வாரக் கடைசியில் விற்றதோடு அதையும் கூட்டி B நிரலில் போடுங்கள்.